போட்டோவில் வந்த அட்டவணையிலிருந்து ஒட்டுறவுக் கெழு: படித்த நேரமும் மதிப்பெண்ணும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே அட்டவணையை வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். நோட்டில் கையால் கோடு போட்டு எழுதி, மொபைலில் படம் எடுத்து அனுப்பிய ஒன்பது மாணவர்களின் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையாலேயே போட்டுப் பார்க்க வசதியாக வரும் எண்களாகத் தேர்ந்திருக்கிறேன். நேரம் என்பது ஒரு வாரத்தில் வீட்டில் படித்த மணி, மதிப்பெண் நூற்றுக்கு.

| வரிசை எண் | மணி | மதிப்பெண் |
|---|---|---|
| 1 | 10 | 52 |
| 2 | 6 | 42 |
| 3 | 14 | 59 |
| 4 | 9 | வரவில்லை |
| 5 | 16 | 78 |
| 6 | 4 | 48 |
| 7 | 10 | 72 |
| 8 | 8 | 63 |
| 9 | 12 | 66 |

படத்துல இருந்து எண்களை எப்படி எடுக்கிறது நல்லது? செயலி போதுமா, கையால டைப் பண்ணணுமா?

இருபது, முப்பது வரிக்குள் என்றால் கையால் தட்டுவதுதான் வேகம். செயலி எடுத்துக் கொடுத்ததைச் சரிபார்க்கவும் அதே நேரம் ஆகிவிடும். தட்டும்போது மணி முழுவதையும் மேலிருந்து கீழே அடித்துவிட்டு அப்புறம் மதிப்பெண்ணுக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு வரியாக, வரிசை எண், மணி, மதிப்பெண் என்று மூன்றையும் சேர்த்து அடியுங்கள். வரிசை எண் கணக்கில் வராது, ஆனால் எந்த மணி எந்த மதிப்பெண்ணோடு சேர்ந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. r என்று எழுதும் ஒட்டுறவுக் கெழு முழுக்க முழுக்க அந்தச் சேர்க்கையை நம்பி நிற்கிறது.

படம் மங்கலாக இருந்தால், அனுப்பியவரிடம் வாட்ஸ்அப்பில் போட்டோவாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், 3, 5, 8 எல்லாம் ஒரே மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

செயலி வச்சு காப்பி பண்ணினேன், மதிப்பெண் கூட்டுத்தொகைகூட நோட்டுல இருக்கிற 480-ஓட சரியா வருது. ஆனா r = −0.32 வருது. அதிகம் படிச்சா மார்க் குறையுதுன்னு அர்த்தமா?

இல்லை, உங்கள் இணைகள் கலைந்துவிட்டன. நான்காம் வரியைப் பாருங்கள், அவர் தேர்வுக்கு வரவில்லை. எழுத்தை எடுக்கும் செயலிகள் பல சமயம் ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாக வாசிக்கின்றன. எண் இல்லாத கட்டத்தை விட்டுவிட்டால் அதற்குக் கீழே உள்ள மதிப்பெண்கள் எல்லாம் ஒரு படி மேலே ஏறிக்கொள்ளும். அப்போது 9 மணி படித்தவருக்கு 78 போய்ச் சேரும், 16 மணி படித்தவருக்கு 48, 4 மணி படித்தவருக்கு 72. கடைசியில் ஒன்பதாம் வரியின் 12 மணி மட்டும் ஜோடி இல்லாமல் தொங்கும். மீதி எட்டு இணைகளுக்குக் கணக்குப் போட்டால் உங்களுக்கு வந்த −0.32-தான் வரும். சரியான இணைகளோடு போட்டால் 0.74.

கூட்டுத்தொகை உங்களை ஏமாற்றியதற்குக் காரணம் இதுதான். மதிப்பெண்கள் இடம் மாறினவே தவிர, எண்கள் அதே எண்கள்தான். அதனால் கூட்டுத்தொகை 480, சராசரி 60, எதுவும் மாறாது. ஓர் இலக்கம் தவறாக வாசிக்கப்பட்டிருந்தால் கூட்டிப் பார்ப்பது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும், ஆனால் வரி நகர்ந்ததை ஒருநாளும் காட்டாது. அதற்கு வேறு வழி, பட்டியலின் அடியிலிருந்து இரண்டு மூன்று வரிகளை எடுத்து வரிசை எண்ணோடு படத்தில் பார்ப்பது. நகர்வு எங்கே ஆரம்பித்திருந்தாலும் கடைசி வரிவரை இழுத்துக்கொண்டு வரும், எனவே அடியில் பார்த்தால் பெரும்பாலும் மாட்டிவிடும். ஓரிடத்தில் ஒன்று விடுபட்டு, அதே பத்தியில் வேறோர் இடத்தில் ஒன்று கூடுதலாக விழுந்து ஈடுகட்டியிருந்தால் மட்டும் தப்பிக்கும். ஆகவே காலிக் கட்டம், அடித்துத் திருத்திய கட்டம் இருக்கும் இடங்களைத் தனியாக ஒருமுறை பாருங்கள்.

வராதவருக்கு 0 போட்டுக்கலாமா?

வேண்டாம். அவர் எழுதிப் பூஜ்யம் வாங்கவில்லை, அவர் மதிப்பெண் என்னவென்றே நமக்குத் தெரியாது. 9 மணிக்கு நேரே 0 போட்டால் r 0.74-லிருந்து 0.44-க்கு விழுகிறது, ஒரே ஒரு கட்டத்தால். அந்த வரியை மணியோடு சேர்த்து முழுசாக விட்டுவிடுங்கள். மதிப்பெண்ணை மட்டும் நீக்கிவிட்டு 9-ஐச் சராசரி மணியில் சேர்த்துக்கொள்வதும் தவறுதான். இணை என்றால் இரண்டும் இருக்க வேண்டும். இனி n = 8.

கையால கணக்குப் போடுறது எப்படி? படிகளோட வேணும்.

எட்டு மணிகளின் கூட்டுத்தொகை 80, சராசரி 10. மதிப்பெண் கூட்டுத்தொகை 480, சராசரி 60. ஒவ்வொருவரும் இந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்று எழுதிக்கொண்டால் மீதி எல்லாம் பெருக்கலும் கூட்டலும்தான். மணியின் விலக்கத்தை dx, மதிப்பெண்ணின் விலக்கத்தை dy என்று வைத்துக்கொள்வோம்.

| வ. எண் | மணி | மதிப்பெண் | dx | dy | dx² | dy² | dx·dy |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | 10 | 52 | 0 | −8 | 0 | 64 | 0 |
| 2 | 6 | 42 | −4 | −18 | 16 | 324 | 72 |
| 3 | 14 | 59 | 4 | −1 | 16 | 1 | −4 |
| 5 | 16 | 78 | 6 | 18 | 36 | 324 | 108 |
| 6 | 4 | 48 | −6 | −12 | 36 | 144 | 72 |
| 7 | 10 | 72 | 0 | 12 | 0 | 144 | 0 |
| 8 | 8 | 63 | −2 | 3 | 4 | 9 | −6 |
| 9 | 12 | 66 | 2 | 6 | 4 | 36 | 12 |
| கூட்டல் | 80 | 480 | 0 | 0 | 112 | 1046 | 254 |

```
r = Σ(dx·dy) / √(Σdx² × Σdy²)
  = 254 / √(112 × 1046)
  = 254 / 342.3
  = 0.742
```

dx பத்தியும் dy பத்தியும் தனித்தனியாகக் கூட்டினால் 0 வர வேண்டும். வரவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள், சராசரியிலோ கழித்தலிலோ பிழை இருக்கிறது, மேலே போய்ப் பயனில்லை.

கடைசிப் பத்தியைக் கொஞ்ச நேரம் பாருங்கள், கெழு எங்கிருந்து வருகிறது என்பது அதில் தெரியும். 254-இல் 108 ஐந்தாம் எண்காரரிடமிருந்து மட்டும் வருகிறது, அவர் மணியிலும் மதிப்பெண்ணிலும் சராசரியைவிட நன்றாக மேலே இருக்கிறார். 72, 72 என்று இரண்டு பேர், இரண்டிலும் கீழே இருப்பவர்கள். குறையும் குறையும் பெருகினால் மிகைதான், எனவே அவர்களும் கெழுவை மேலே தள்ளுகிறார்கள். சரியாகப் பத்து மணி படித்த இருவரில் ஒருவர் 52, இன்னொருவர் 72, இருவரின் பங்கும் 0. நடுவில் இருப்பவர்கள் பின்னத்தின் மேலே இருக்கும் 254-ஐத் தொடுவதே இல்லை, ஓரத்தில் இருப்பவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். ஓரத்து எண்களைப் படத்தில் இருமுறை பார்க்கச் சொல்வதும் அதனால்தான்.

எக்செல்ல ஒரே வரியில வராதா?

வரும். மணி B பத்தியிலும் மதிப்பெண் C பத்தியிலும் இருந்தால்:

```
=CORREL(B2:B10, C2:C10)
```

கூகுள் ஷீட்ஸிலும் இதே வரிதான். வராதவரின் மதிப்பெண் கட்டத்தை வெறுமையாக விட்டால் அந்த வரி கணக்கில் சேராது, 0 தட்டினால் சேர்ந்துவிடும். இரண்டு வரம்புகளும் ஒரே வரியில் ஆரம்பித்து ஒரே வரியில் முடிகின்றனவா என்று பாருங்கள். B2:B9, C3:C10 என்று கைதவறிக் கொடுத்தாலும் எந்த எச்சரிக்கையும் வராமல் ஏதோ ஓர் எண் வந்துவிடும், அது மேலே சொன்ன நகர்ந்த இணைகளின் கதையேதான்.

எங்க போட்டோல மணி 1.30, 2.15 மாதிரி இருக்கு. அப்படியே போட்டுடலாமா?

எழுதியவரிடம் கேளுங்கள். நம் ஊரில் நோட்டில் 1.30 என்று எழுதினால் அது பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம், ஒன்று புள்ளி மூன்று அல்ல. அப்படியானால் கணக்குக்கு 1.5 என்று மாற்ற வேண்டும், 2.15 என்பது 2.25 ஆகும். எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று அட்டவணையே சில நேரம் சொல்லிவிடும். புள்ளிக்குப் பின்னால் 15, 30, 45 மட்டும் வந்தால் அவை நிமிடங்கள். எங்காவது 2.75 இருந்தால் தசமம்.

மணியை நிமிஷமா மாத்தினா r மாறுமா?

மாறாது. எல்லா மணியையும் 60-ஆல் பெருக்கினால் மேலேயும் கீழேயும் அதே 60 வந்து அடிபட்டுப் போகும். நூற்றுக்கு எடுத்த மதிப்பெண்களை ஐம்பதுக்கு மாற்றினாலும் அப்படித்தான். பாதிப் பேருக்கு மணியும் பாதிப் பேருக்கு நிமிடமும் கலந்திருந்தால் மட்டும் எல்லாம் கெடும்.

இணை எல்லாம் சரியா இருக்கு, ஆனா எனக்கு 0.21 வருதே?

உங்கள் இரண்டாம் வரியில் மணி 16 என்று விழுந்திருக்கிறதா பாருங்கள். படத்தில் அங்கே 6-தான் இருக்கிறது. அதற்கு இடப்பக்கம் கட்டத்தின் செங்குத்துக் கோடு ஒட்டினாற்போல் போகிறது, செயலி அந்தக் கோட்டை 1 என்று வாசித்து 16 ஆக்கிவிட்டது. 16 மணி படித்து 42 எடுத்தவர் என்று ஒருவர் புதிதாக முளைத்ததும் 0.74 அப்படியே 0.21 ஆகிவிடுகிறது. மணிகளின் கூட்டுத்தொகையும் 80-க்குப் பதில் 90 காட்டும், எனவே இந்த வகைப் பிழையைக் கூட்டல் பிடித்துவிடும். ஆனால் பல நோட்டுகளில் மதிப்பெண்ணுக்குத்தான் அடியில் கூட்டல் போட்டிருப்பார்கள், மணிக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் கெழுவைப் போடும் முன்பே சிதறல் படம் வரைந்துவிடுங்கள். மணி கிடையாக, மதிப்பெண் நெடுக்காக, எட்டுப் புள்ளிகள் வைக்க எவ்வளவு நேரமாகும்? வலது கீழ் மூலையில் ஒரு புள்ளி தனியாகக் கிடந்தால் உடனே கண்ணில் படும். அந்தப் புள்ளியின் வரிசை எண்ணை எடுத்துக்கொண்டு படத்துக்குத் திரும்பிப் போய்ப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்திலும் அப்படியே இருந்தால் அது உண்மைத் தரவு, தொடக்கூடாது. கோடு, மடிப்பு, மை பரவல் ஏதாவது தெரிந்தால் எழுதியவரிடம் கேட்டுத் திருத்துங்கள்.

மூணாம் நம்பர் 14 மணி படிச்சு 59 தான் எடுத்திருக்கார். அவரை எடுத்துட்டா r இன்னும் நல்லா வருது. எடுத்துடலாமா?

எடுத்தால் 0.83 வரும், நானும் போட்டுப் பார்த்தேன். ஆனால் எடுக்கக்கூடாது. படத்தில் எண் தெளிவாக இருக்கிறது, அவர் தேர்வு எழுதியிருக்கிறார், நீக்குவதற்கு ஒரே காரணம் அவர் நம் கோட்டுக்கு ஒத்துவரவில்லை என்பதுதான். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. பாடம் கடினமாக இருப்பதாலேயே கூடுதல் நேரம் உட்காருகிறவர்களாக இருக்கலாம். அவரை நீக்கிவிட்டு வரும் 0.83 இந்த வகுப்பைப் பற்றிச் சொல்லவில்லை, நாம் பொறுக்கி எடுத்த ஏழு பேரைப் பற்றித்தான் சொல்கிறது.

0.74 னா 74 சதவீதம் பேருக்குப் பொருந்தும்னு எழுதலாமா?

இதைத்தான் விடைத்தாளில் அதிகம் பார்க்கிறோம், தவறு. r சதவீதமே அல்ல. −1-க்கும் +1-க்கும் இடையில், புள்ளிகள் ஒரு நேர்கோட்டை எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதற்கான அளவு, அவ்வளவுதான். சதவீதமாகச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் r-ஐ வர்க்கப்படுத்துங்கள். 0.742 × 0.742 ≈ 0.55. மதிப்பெண்களில் ஆளுக்கு ஆள் இருக்கும் மாறுபாட்டில் சுமார் 55 சதவீதம், மணியை வைத்துப் போட்ட நேர்கோட்டோடு ஒத்துப்போகிறது என்று எழுதலாம். மீதி 45 சதவீதம் அந்தக் கோட்டுக்கு வெளியே. பத்து மணி படித்த இருவருக்கு நடுவே உள்ள 20 மதிப்பெண் இடைவெளி அந்த மீதியில்தான் இருக்கிறது.

ஒரு மணி கூடுதலாகப் படித்தவர் எவ்வளவு அதிகம் எடுத்திருக்கிறார் என்பதையும் r சொல்லாது. அதற்குச் சாய்வு வேண்டும், 254 / 112 ≈ 2.3. இந்த எட்டுப் பேரிடையே வாரத்துக்கு ஒரு மணி அதிகம் படித்தவர்கள் சராசரியாக 2.3 மதிப்பெண் அதிகம் எடுத்திருக்கிறார்கள். r 0.74-ஆகவே இருந்தும் சாய்வு 0.5 ஆகவோ 5 ஆகவோ இருந்திருக்கலாம், இரண்டும் வேறு வேறு சங்கதிகள்.

எட்டு பேரை வச்சு ஏதாவது சொல்ல முடியுமா?

கொஞ்சம் சொல்லலாம், ரொம்பச் சொல்ல முடியாது. எட்டு இணைகளுக்கு, 5 சதவீதப் பொருண்மை மட்டத்தில், இருபக்கச் சோதனைக்கு r குறைந்தது 0.707 இருக்க வேண்டும். நமக்கு 0.742, மயிரிழையில் தாண்டுகிறது. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி போட்டால் ஏறத்தாழ 0.08-லிருந்து 0.95 வரை வருகிறது. அதாவது இவர்கள் ஒரு பெரிய மாணவர் கூட்டத்திலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் கூட்டத்தில் ஒட்டுறவு கிட்டத்தட்ட இல்லை என்பதும் மிக வலுவாக இருக்கிறது என்பதும் இரண்டுமே இந்தத் தரவோடு பொருந்தும். நிஜத்தில் இவர்கள் ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியரிடம் படிப்பவர்கள், குலுக்கல் கூட இல்லை. எனவே 'நேர்மறை ஒட்டுறவு தெரிகிறது' வரை போகலாம். 'மாணவர்களிடையே' என்று பொதுவாக எழுத வேண்டாம், 'இந்த எட்டு மாணவர்களிடையே' என்று எழுதுங்கள்.

அதிகம் படிச்சா மார்க் ஏறும்னு இதை வச்சு நிரூபிச்சாச்சுன்னு சொல்லலாமா?

சொல்ல முடியாது, இத்தனைக்கும் அது உண்மையாகவே இருக்கலாம். படித்ததால் மதிப்பெண் வந்ததா, ஏற்கெனவே பாடம் பிடித்தவர்கள் இஷ்டப்பட்டு அதிக நேரம் உட்கார்ந்தார்களா என்று இந்த இரண்டு பத்திகளிலிருந்து பிரித்துப் பார்க்க வழியே இல்லை. படிக்கத் தனி இடம் இருக்கிறதா, மாலையில் கடையில் உதவிக்குப் போக வேண்டியிருக்கிறதா, போன தேர்வில் எவ்வளவு எடுத்தார், இவை மணியையும் மாற்றும், மதிப்பெண்ணையும் மாற்றும், ஆனால் அட்டவணையில் ஒன்றுகூட இல்லை. குறைந்தபட்சம் போன தேர்வு மதிப்பெண் என்று ஒரு பத்தி சேர்த்து வாங்க முடிந்தால் வாங்குங்கள். அப்போது, முன்பு ஒரே மாதிரி எடுத்தவர்களுக்குள் அதிகம் படித்தவர் அதிகம் எடுத்தாரா என்றாவது பார்க்கலாம்.

மணிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். நம் அட்டவணையில் கணக்கில் சேர்ந்த மணி எல்லாமே இரட்டைப்படை எண்கள், யாரும் 7 என்றோ 11 என்றோ சொல்லவில்லை. எளிதாகக் கணக்குப் போட நான் அப்படித் தேர்ந்தேன், ஆனால் நிஜ அட்டவணையில் இப்படி இருந்தால், கடிகாரம் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை, கேட்டபோது குத்துமதிப்பாகச் சொன்னது என்று புரிந்துகொள்ளலாம். குத்துமதிப்பு ஆளுக்கு ஆள் தாறுமாறாகத் தவறினால் r பொதுவாக உள்ளதைவிடக் குறைந்து தெரியும். நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் கூட்டிச் சொல்லும் பழக்கம் இருந்தால் அதிகமாகத் தெரியும். மணியைத் தேர்வுக்கு முன்பே கேட்டார்களா, மதிப்பெண் தெரிந்த பிறகு கேட்டார்களா என்று விசாரியுங்கள்.

சரி, ரெக்கார்டு நோட்டுல முடிவை எப்படித்தான் எழுதுறது?

இப்படி எழுதினால் போதும்: "ஒன்பது மாணவர்களில் தேர்வு எழுதிய எட்டுப் பேரின் தரவு எடுத்துக்கொள்ளப்பட்டது. தேர்வுக்கு வராத ஒருவரின் வரி (எண் 4) சேர்க்கப்படவில்லை. வாரத்தில் படித்த மணிக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையே கார்ல் பியர்சன் ஒட்டுறவுக் கெழு r = 0.74. இந்த எட்டுப் பேரிடையே அதிக மணி படித்தவர்கள் பொதுவாக அதிக மதிப்பெண் எடுத்துள்ளனர், 14 மணி படித்து 59 எடுத்த எண் 3 இதற்கு விலக்கு. மணிகள் மாணவர்களே சொன்னவை. இது காரண காரியத் தொடர்பைக் காட்டாது." சிதறல் படத்தைக் கீழே ஒட்டிவிட்டு, எந்தத் தேதியில் எடுத்த படத்திலிருந்து எண்கள் வந்தன என்றும் ஒரு வரி எழுதிவையுங்கள், யாராவது எண்ணைக் கேட்டால் படத்தை எடுத்துக் காட்டலாம்.